கோடை முகாம் நிறைவு நாளில் பேசியது

பிள்ளைகளா, பெரியவங்களே, எல்லாருக்கும் வணக்கம்.

பன்னிரண்டு நாள் எப்படிப் போச்சுன்னே தெரியல. மே மாத வெயில்ல, டிவியை விட்டுட்டு, தினமும் ஒன்பது மணிக்கு முன்னாடியே வாசல்ல வந்து நின்னீங்களே, முதல் நன்றி உங்களுக்குத்தான்.

பத்தமடையில இருந்து வந்த பாய் பின்னுற ஆச்சி, உங்களுக்கு ரொம்பக் கடன்பட்டிருக்கோம். தாமிரபரணிக் கரைக் கோரையைத் தண்ணியில ஊறப்போட்டு, கீறி, சாயம் ஏத்தி, பாவுநூல்ல ஒவ்வொண்ணா கோக்கணும்னு நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியுற மாதிரி சொன்னீங்க. மூணாம் நாள் ஒரு பொண்ணு, கோரை முறிஞ்சு முறிஞ்சு போகுதுன்னு அழுதா. நீங்க ஒண்ணும் சொல்லாம, அவ விரலைப் பிடிச்சு, கோரையை லேசா ஈரமாக்கி, திரும்பக் கோக்க வச்சீங்க. இன்னைக்கு அவ பின்னின உள்ளங்கை அளவு பாய் அந்த மேசையில இருக்கு. எல்லாரும் பார்த்துட்டுப் போங்க.

பனையோலையில காத்தாடியும் கிலுக்கும் செய்யச் சொல்லிக்கொடுத்த அண்ணாச்சி, பதநீர் கொண்டுவந்து ஓலைப்பட்டையில குடிக்கவும் பழக்கினீங்க. நன்றி அண்ணாச்சி. ஆத்துக்குப் போன அன்னைக்குக் கரையில கயிறு கட்டி நாள் முழுக்கக் காவல் நின்ன கல்லூரித் தம்பிகளுக்கும், மதியம் சோறாக்கிப் போட்ட அக்காமாருக்கும் மனசார நன்றி. அந்தச் சொதி இன்னும் வேணும்னு பிள்ளைக கேக்குது!

செஞ்ச பொருளையெல்லாம் பேர் பார்த்து எடுத்துக்கோங்க. வெளியே நுங்கு சர்பத் இருக்கு, வரிசையா வாங்க.