கணித ஆசிரியை, இனி மென்பொருள் சோதனையாளர்: என்னோடு வருவதும் வராததும்

[இடுகையின் மேற்குறிப்பு]
யாழ்ப்பாணத்தில் கணிதம் கற்பித்தேன். இப்போது மென்பொருள் தரச் சோதனைத் துறையில் தொடக்கநிலை வேலை தேடுகிறேன். துறை மாறுகிறவர்கள் இடும் அட்டைகளில், வகுப்பறையில் செய்த எல்லாமே புதிய வேலைக்குப் பொருந்தும் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படிப் பொருந்தாது. வேலை கொடுப்பவர் நேர்முகத்தில் கண்டுபிடிக்கப் போவதை நானே முன்னதாகச் சொல்லிவிடுகிறேன். அட்டைகளைத் தள்ளிப் பாருங்கள்.

அட்டை 1

2012 முதல் 2024 வரை கணித ஆசிரியை.
இப்போது மென்பொருள் சோதனையாளராக வேலை தேடுகிறேன்.
கைவசம் இருப்பதும் இல்லாததும், கூட்டாமல் குறைக்காமல்.

அட்டை 2: சுருக்கமாக நான்

முதல் நியமனம் தீவக வலயத்தில், குறிகட்டுவானில் படகேறிப் போக வேண்டிய பாடசாலை. பிறகு வலிகாமத்துக்கு இடமாற்றம். தரம் 10, 11 கணிதம். ஆள் இல்லாத ஆண்டுகளில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பமும் என் நேரசூசியில் ஏறியது. இந்தத் துறைப் பக்கம் நான் திரும்பியது அதனால்தான்.

ஏன் விட்டாய் என்று கேட்காதவர் இல்லை. ஓய்வூதியம் உள்ள அரச உத்தியோகத்தை விடுவது இங்கே சிறிய செய்தியா என்ன? கற்பித்தல் கசக்கவில்லை. பிழையான விடை ஒன்றைப் பார்த்து, அது எந்த வரியில் பிழைத்தது என்று தேடுவதுதான் எனக்கு மிகப் பிடித்த வேலை. ஆண்டுகள் போகப் போக அதற்கான நேரம் குறைந்து, கோப்புகளுக்கான நேரம் கூடியது. தேடுவதையே நாள் முழுக்கச் செய்யும் தொழில் ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததும் படிக்கத் தொடங்கினேன்.

மாலையில் தனியார் வகுப்பு நடத்தினால் இதைவிடக் கூடச் சம்பாதிக்கலாமே என்கிறார்கள். உண்மைதான். அதை மறுக்க என்னிடம் கணக்கு இல்லை.

அட்டை 3: முழுதாக வருவது — எல்லையில் சந்தேகப்படுவது

சாதாரண தரப் பெறுபேற்றில் 75இலிருந்து A, 65இலிருந்து B, 50இலிருந்து C, 35இலிருந்து S, அதற்குக் கீழே W. இதைக் கணிக்கும் மென்பொருளைச் சோதிக்கச் சொன்னால் 20, 55, 90 என்று போட்டுப் பார்ப்பதில் பயன் குறைவு. 34, 35, 49, 50, 64, 65, 74, 75 ஆகியவற்றைப் போட வேண்டும். பாடநூல்களில் இதற்கு எல்லைப் பெறுமானப் பகுப்பாய்வு என்று பெயர். தவணைப் பரீட்சை முடிந்த வாரத்தில் 34 புள்ளி பெற்ற பிள்ளையின் தாய்க்கு முன்னால் உட்கார்ந்திருந்த எவருக்கும் அந்த எல்லையின் கனம் தெரியும்.

இன்னும் சில கேள்விகள் பழக்கத்தில் வருகின்றன. இரண்டு தவணைகளின் சராசரி 74.5 என்றால் அது Aயா, Bயா? முழு எண்ணாக்குவது சராசரி எடுப்பதற்கு முன்னா, பின்னா? 101 என்று தட்டினால் ஏற்கிறதா? பரீட்சைக்கு வராத பிள்ளைக்கும் சைபர் எடுத்த பிள்ளைக்கும் ஒரே பெட்டியில் 0 விழுகிறதா? விழுந்தால் வகுப்புச் சராசரி முழுக்கப் பிழை. இந்தக் கடைசிக் கேள்வியை மென்பொருள் எழுதுபவர்கள் பெரும்பாலும் யோசிப்பதில்லை. இடாப்பு வைத்திருந்தவர்கள் யோசிப்போம்.

அட்டை 4: முழுதாக வருவது — பிழை நடந்த இடத்தைச் சொல்வது

கணிதத்தில் முறைக்குத் தனிப் புள்ளி, விடைக்குத் தனிப் புள்ளி. ஆகவே "விடை பிழை" என்று சிவப்புக் கோடு போட்டுவிட்டு நகர முடியாது. மூன்றாம் வரியில் குறி மாறியது, அதன்பின் எல்லாம் சரி என்று காட்ட வேண்டும். மென்பொருளில் கண்ட பிழையை எழுதிக் கொடுக்கும் வழு அறிக்கையும் இதைத்தான் கேட்கிறது. பயிற்சிக்காக நான் எழுதியவற்றில் ஒன்று:

*தலைப்பு:* பதிவுப் படிவம் பெண்களின் அடையாள அட்டை இலக்கத்தை நிராகரிக்கிறது
*படிகள்:* 1. படிவத்தைத் திறக்கவும். 2. பால் என்ற இடத்தில் பெண் எனத் தெரிவு செய்யவும். 3. பிறந்த திகதியாகப் பெப்ரவரி 1ஐ இடவும். 4. நாள் இலக்கம் 532 ஆக உள்ள அடையாள அட்டை இலக்கத்தை இட்டுச் சமர்ப்பிக்கவும்.
*எதிர்பார்த்தது:* ஏற்க வேண்டும். ஆண்டின் 32ஆம் நாள். பெண்களுக்கு 500 கூட்டப்படும்.
*நடந்தது:* "பிறந்த திகதி பொருந்தவில்லை" என்ற செய்தி.
*எங்கே வருகிறது:* 12 இலக்க அட்டையிலும், 9 இலக்கமும் எழுத்தும் கொண்ட பழைய அட்டையிலும். ஆண்களின் இலக்கத்தில் வரவில்லை.

கடைசி வரிதான் முக்கியம். எங்கே வரவில்லை என்பதையும் எழுதினால், திருத்துபவர் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைகிறது.

அட்டை 5: முழுதாக வருவது — தமிழ்

திறமைப் பட்டியலில் தாய்மொழியை யாரும் போடுவதில்லை. நான் போடுகிறேன். தமிழில் இயங்குவதாகச் சொல்லும் செயலிகள் தமிழில்தான் அதிகம் உடைகின்றன.

பாமினி எழுத்துருவில் தட்டிய வினாத்தாள்களை யுனிகோடுக்கு மாற்றி, மாறும்போது எந்தெந்த எழுத்துகள் சிதைகின்றன என்று பார்த்துப் பார்த்துத் திருத்தியிருக்கிறேன். "யாழ்" என்பது கண்ணுக்கு இரண்டு எழுத்து, கணினிக்கு நான்கு குறியீடு. பெயருக்கு எழுத்து எல்லை வைத்த படிவங்கள் இங்கே தடுமாறும். குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் 160 எழுத்துவரை போகும், தமிழ் கலந்தால் 70இல் முடிந்துவிடும். பெற்றோருக்கு அனுப்பும் அறிவித்தல் இரண்டாக உடைந்து, கட்டணமும் இரட்டிக்கும். குடும்பப் பெயர் கட்டாயம், குறைந்தது இரண்டு எழுத்து என்று கேட்கும் படிவத்தில், தந்தையின் பெயரை ஒற்றை முதலெழுத்தாக வைத்திருக்கும் நம்மவர்கள் என்ன நிரப்புவது?

அட்டை 6: பாதி வருவது

*மக்களோடு பேசுதல்.* கோபத்தோடு வரும் பெற்றோரிடம் நிதானமாகப் பேசியிருக்கிறேன். ஆனால் வகுப்பில் என் சொல்லுக்கு என் பதவியே பாதிப் பலம். என்னைவிட இளையவரான, துறையில் என்னைவிட மூத்தவரான ஒருவரிடம் "உங்கள் பகுதி வேலை செய்யவில்லை" என்று சொல்வது வேறு வகை. அதில் "டீச்சர்" குரல் வந்துவிடக் கூடாது. பழகி வருகிறேன், வீட்டார் இன்னும் நம்பவில்லை.

*திட்டமிடல்.* ஆண்டுப் பாடவிதானத்தைப் பரீட்சைத் திகதிக்குள் முடிப்பது எனக்குத் தெரியும். அங்கே திகதியும் மாறாது, பாடமும் மாறாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முன்னுரிமையே மாறும் குழுவில் நான் வேலை செய்ததில்லை.

*எளிமையாக விளக்குதல்.* பயனர் கையேடு, பயிற்சி வகுப்பு என்றால் நாளைக்கே உதவும். அன்றாடச் சோதனையில் இதற்கு அவ்வளவு இடமில்லை.

அட்டை 7: வராதவை

தானியங்கிச் சோதனை எழுதத் தெரியாது. அதற்கான செலினியம் என்ற கருவியைப் பற்றிய பாடங்களைப் பார்த்திருக்கிறேன். பார்த்திருப்பதும் தெரிந்திருப்பதும் ஒன்றென்று எந்தப் பிள்ளையிடமும் நான் ஒத்துக்கொண்டதில்லை.

அலுவலகக் குழுவில் வேலை செய்த அனுபவம் இல்லை. குழுக்கள் வழுக்களைப் பதிந்து பின்தொடரும் ஜிரா என்ற கருவியைத் தனியாகத்தான் பயன்படுத்தியிருக்கிறேன்.

ஆங்கிலத்தில் எழுதுவேன். வேகமாகப் பேசும் இணையக் கூட்டத்தில் எல்லாம் பிடிபடும் என்று சொல்ல மாட்டேன்.

தரவுத்தளக் கேள்விகள் இந்த அளவில்தான்:

```sql
SELECT student_id, term, COUNT(*)
FROM marks
GROUP BY student_id, term
HAVING COUNT(*) > 1;
```

ஒரே பிள்ளைக்கு ஒரே தவணையில் இரண்டு முறை புள்ளி பதிவாகியிருந்தால் இது காட்டும். பல அட்டவணைகளை இணைத்து எழுத நேரம் எடுக்கும்.

முக்கியமானது: என் பன்னிரண்டு ஆண்டுகள் கற்பித்தலில் அனுபவம். சோதனையில் நான் புதியவள். அந்த ஆண்டுகளைக் காட்டி மூத்த பதவி கேட்கவில்லை.

அட்டை 8: இதுவரை படித்தது

மென்பொருள் சோதனையாளர்களுக்கான ஐ.எஸ்.டி.கியூ.பி. அடிப்படைநிலைச் சான்றிதழ். 40 வினாக்கள், 26 சரியானால் சித்தி. சித்தியடைந்தேன். பல்தேர்வு வினாத்தாள் தயாரித்த ஆளுக்குப் பல்தேர்வில் சித்தியடைவது பெரிய சாதனையாகத் தோன்றவில்லை. துறையின் சொற்களை ஒழுங்காகக் கற்றுத் தந்தது, அவ்வளவே.

போஸ்ட்மேன் என்ற கருவியால் செயலியின் சேவையகத்துக்கு நேரடியாகக் கேள்வி அனுப்பி, வரும் பதிலைச் சரிபார்ப்பேன்.

பொதுவில் கிடைக்கும் படிவங்களையும் இலவசப் புள்ளிப் பதிவுச் செயலிகளையும் சோதித்து எழுதிய வழு அறிக்கைகள் கோப்பாக இருக்கின்றன. கேட்டால் அனுப்புகிறேன். சான்றிதழுக்கு முன் அதைப் படியுங்கள்.

அட்டை 9: சுயவிவரக் கோவையிலிருந்து நான் வெட்டியவை

"தலைமைத்துவம்." இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பொறுப்பாக இருந்ததை இப்படி எழுதச் சொன்னார்கள். கூடாரம், ஒலிபெருக்கி, குளிர்பானம் ஏற்பாடு செய்தேன். மழை வந்தது. அதை அப்படியே சொல்வேன்.

"ஒரே நேரத்தில் பல வேலை." செய்திருக்கிறேன். நன்றாகச் செய்ததில்லை, யாரும் செய்வதில்லை என்பது என் அபிப்பிராயம்.

"தொழினுட்பத்தில் ஆழ்ந்த ஈடுபாடு." 2020இல் பாடசாலை மூடியபோது வட்ஸ்அப்பில் பயிற்சித்தாளைப் படம்பிடித்து அனுப்பினோம், சூமில் வகுப்பு எடுத்தோம். நாட்டில் எல்லா ஆசிரியரும் செய்தது. ஆனால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்: சிக்னல் விட்டு விட்டு வரும் வீட்டில், தந்தையின் பழைய கைபேசியில், மூன்று பிள்ளைகள் மாறி மாறிப் படித்ததை நேரில் அறிவேன். மெதுவான இணைப்பிலும் சிறிய திரையிலும் சோதிக்க வேண்டும் என்பதை எனக்கு யாரும் நினைவூட்டத் தேவையில்லை.

அட்டை 10: தேடுவது

பதவி: பயிற்சிநிலை அல்லது தொடக்கநிலைச் சோதனையாளர். கைமுறைச் சோதனை.

இடம்: யாழ்ப்பாணம், அல்லது வீட்டிலிருந்து. மாதம் ஒருமுறை கொழும்புக்கு வரலாம். குடிபெயர இப்போது முடியாது.

சம்பளம்: கடைசியாக வாங்கிய ஆசிரியர் சம்பளத்தைவிடக் குறைவாகத் தொடங்கச் சம்மதம். ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி இரண்டும் சட்டப்படி கட்டப்பட வேண்டும். "பயிற்சி" என்ற பெயரில் சம்பளமில்லா மாதங்களுக்குச் சம்மதமில்லை.

மிகவும் பொருந்தும் இடம்: கல்வி, வங்கி, அரச சேவை சார்ந்த, தமிழ்ப் பயனர்கள் உள்ள மென்பொருள்.

நேர்முகத்துக்கு முன் உங்கள் செயலியின் ஒரு பக்கத்தை அனுப்புங்கள். இரண்டு நாளில் வழு அறிக்கை எழுதி அனுப்புகிறேன், கட்டணமில்லை. ஒரு பக்கம் மட்டும். முழுச் செயலியையும் அனுப்புகிறவர்களுக்கு விலைப்பட்டியல் அனுப்பப்படும்.

செய்திப் பெட்டி திறந்திருக்கிறது. ஆசிரியர்கள் கேட்க விரும்பினாலும் எழுதலாம். விலகல் கடிதம் கொடுக்கும் முன் எழுதுங்கள், பின்னர் அல்ல.