வாயு விதிகள்: அழுத்தம், கன அளவு, வெப்பநிலை

படிவம் 6 வேதியியல் • சனிக்கிழமை டியூஷன் வகுப்பு, பட்டர்வொர்த் • பயிற்சித்தாள் 4
நேரம்: ஒன்றேகால் மணி • மொத்தம்: 40 புள்ளி • கால்குலேட்டர் பயன்படுத்தலாம்

ஒவ்வொரு கணக்கிலும் கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன் ஒரு வரி எழுத வேண்டும்: கேட்கப்பட்ட அளவு கூடுமா, குறையுமா, ஏன்? அந்த வரிக்கு ஒரு புள்ளி உண்டு. விடை அந்த வரியோடு முரண்பட்டால் எங்கோ தவறு நடந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். தேர்வு மண்டபத்தில் உங்கள் விடையைச் சரிபார்க்க வேறு யாரும் வரப்போவதில்லை.

தேவையான விதி

வாயுவின் அளவு மாறாமல் இருக்கும்போது, அதாவது உள்ளிருக்கும் மூலக்கூறுகள் வெளியே போகாமலும் புதிதாக எதுவும் உள்ளே வராமலும் இருக்கும்போது:

P₁V₁ / T₁ = P₂V₂ / T₂

இந்த ஒரு வரிக்குள் மூன்று விதிகளும் அடங்கும். வெப்பநிலை மாறாவிட்டால் T இரு பக்கமும் அடிபட்டுப் பாய்ல் விதி (P₁V₁ = P₂V₂) மிஞ்சும். அழுத்தம் மாறாவிட்டால் சார்லஸ் விதி. கன அளவு மாறாவிட்டால் கே-லூசாக் விதி. மூன்றையும் தனித்தனியே மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எது மாறவில்லை என்று பார்த்து அதை அடித்துவிட்டால் போதும்.

T எப்போதும் கெல்வினில்தான் இருக்க வேண்டும்: செல்சியஸ் + 273. அழுத்தத்துக்கும் கன அளவுக்கும் எந்த அலகும் சரிதான், இரு பக்கமும் ஒரே அலகாக இருந்தால்.

செய்து காட்டிய கணக்கு: கொடிமலையில் முறுக்குப் பாக்கெட்

ஆயர் ஈத்தாமில் மலை ரயில் ஏறும்போது கையில் ஒரு முறுக்குப் பாக்கெட் இருக்கிறது. அதற்குள் 400 மில்லிலிட்டர் காற்று. அடிவாரத்தில் அழுத்தம் 101 கிலோபாஸ்கல், வெப்பநிலை 31 பாகை செல்சியஸ். உச்சி ஏறக்குறைய 830 மீட்டர் உயரம். அங்கே அழுத்தம் 92 கிலோபாஸ்கல், வெப்பநிலை 25 பாகை. பாக்கெட் தடையில்லாமல் விரியும் என்று கொண்டால் உள்ளிருக்கும் காற்றின் கன அளவு என்ன?

முதல் வரி: வெளி அழுத்தம் குறைவதால் காற்று விரியப் பார்க்கும், குளிர்வதால் சுருங்கப் பார்க்கும். இரண்டும் எதிரெதிர். அழுத்தம் ஏறக்குறைய 9 விழுக்காடு குறைகிறது. கெல்வினில் பார்த்தால் வெப்பநிலை 304இலிருந்து 298க்குத்தான் இறங்குகிறது, 2 விழுக்காடு. ஆகவே விரிவுதான் வெல்லும், விடை 400ஐவிடக் கூட வேண்டும்.

V₂ = V₁ × (P₁ / P₂) × (T₂ / T₁)
V₂ = 400 × (101 / 92) × (298 / 304) = 430 mL

மலைக்குப் போனவர்களுக்குத் தெரியும், மேலே பாக்கெட் உப்பி விறைப்பாகத்தான் இருக்கும். இதே கணக்கில் கெல்வினுக்கு மாற்றாமல் 25 / 31 என்று போட்டுப் பாருங்கள்: 354 மில்லிலிட்டர். பாக்கெட் சுருங்குகிறது என்று கணக்கு சொல்கிறது, கையில் இருப்பதோ உப்பியிருக்கிறது. செல்சியஸின் பூச்சியம் நீர் உறையும் புள்ளியில் வைத்த பூச்சியம். வாயு மூலக்கூறுகளின் ஓட்டத்துக்கும் அந்தப் புள்ளிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. விகிதம் எடுக்க வேண்டுமானால் பூச்சியம் உண்மையான பூச்சியமாக இருக்க வேண்டும்.

(உண்மையான பாக்கெட்டின் தாள் ஓரளவுக்கு மேல் இழுபடாது. அதனால் கன அளவு 430ஐத் தொடாமல், உள் அழுத்தம் 92ஐவிடச் சற்று மேலே நிற்கும்.)

கேள்விகள்

1. ஊசியில்லாத 60 மில்லிலிட்டர் சிரிஞ்சில் 100 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் காற்று நிரம்பியிருக்கிறது. முனையை விரலால் அடைத்து, உள்தண்டை மெதுவாக 24 மில்லிலிட்டர் கோடு வரை அழுத்துகிறீர்கள். (அ) உள் அழுத்தம் என்ன? (ஆ) 'மெதுவாக' என்று ஏன் குறிப்பிட்டிருக்கிறது? [4]

2. ராபர்ட் பாய்ல் ஒரு முனை மூடிய வளைந்த கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஊற்றி எடுத்த அளவுகளை 1662இல் வெளியிட்டார். அவற்றில் மூன்று: கன அளவு 48 என்றபோது அழுத்தம் 29 2/16 அங்குலப் பாதரசம், 24 என்றபோது 58 13/16, 12 என்றபோது 117 9/16. ஒவ்வொன்றுக்கும் P × V கண்டுபிடியுங்கள். மூன்றும் எவ்வளவு நெருக்கம் என்று விழுக்காட்டில் சொல்லுங்கள். [4]

3. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் குளிர்சாதனம் ஓடும் ஒரு கடைக்குள், 22 பாகையில், கட்டிய பலூனின் கன அளவு 3.00 லிட்டர். அதை 34 பாகை வெயிலுக்குக் கொண்டுவந்தால்? அழுத்தம் மாறவில்லை என்று கொள்க. [3]

4. ஆய்வுக்கூடத்தில் ஒரு கூம்புக் குடுவையை 28 பாகையில், 101 கிலோபாஸ்கலில், ரப்பர் அடைப்பானால் இறுக மூடியிருக்கிறார்கள். உள் அழுத்தம் 120 கிலோபாஸ்கலைத் தொட்டால் அடைப்பான் தெறிக்கும். நீர்த்தொட்டியில் வைத்துச் சூடாக்கினால் தண்ணீர் கொதிக்கும் முன்பே தெறிக்குமா? எந்த வெப்பநிலையில்? குடுவைக்குள் உலர்ந்த காற்று மட்டுமே. [4]

5. புலாவ் பாயார் கடலில் 20 மீட்டர் ஆழத்தில் முக்குளிப்பவர் விடும் ஒரு குமிழின் கன அளவு 2.0 மில்லிலிட்டர். அங்கே அழுத்தம் 302 கிலோபாஸ்கல், நீர் 26 பாகை. நீர்மட்டத்தில் 101 கிலோபாஸ்கல், 30 பாகை. (அ) மேலே வரும்போது குமிழின் கன அளவு என்ன? (ஆ) முக்குளிப்பவர்களுக்கு 'மூச்சை அடக்கிக்கொண்டு மேலே ஏறாதே' என்பதை முதல் விதியாகக் கற்றுத்தருவதை இந்த விடையிலிருந்து விளக்குங்கள். [5]

6. காலையில் பட்டர்வொர்த்தில், டயர் 27 பாகையில் இருக்கும்போது, பெட்ரோல் நிலைய மானி 220 கிலோபாஸ்கல் காட்டுகிறது. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் கோலாலம்பூர் நோக்கி ஓடியபின் டயருக்குள் காற்று 57 பாகை. டயரின் கன அளவு மாறவில்லை, வெளிக்காற்று 101 கிலோபாஸ்கல் என்று கொள்க. (அ) மானி இப்போது என்ன காட்டும்? (ஆ) 'அழுத்தம் ஏறிவிட்டது' என்று ஓட்டுநர் அந்தச் சூட்டிலேயே காற்றை இறக்கி மானியை 220க்குக் கொண்டுவருகிறார். மறுநாள் காலை, மறுபடியும் 27 பாகையில், மானி என்ன காட்டும்? [7]

7. கீழ்க்காணும் இரண்டுக்கும் மேலே உள்ள விதியை அப்படியே பயன்படுத்த முடியாது. ஏன்? (அ) பாதி தீர்ந்த சமையல் கேஸ் தோங். (ஆ) வாயால் ஊதிப் பெரிதாக்கிக்கொண்டிருக்கும் பலூன். [4]

8. துத்தநாகமும் அமிலமும் வினைபுரிந்து வந்த ஹைட்ரஜனை நீருக்கு மேல் சேகரித்ததில் 250 மில்லிலிட்டர் கிடைத்தது. 27 பாகை, மொத்த அழுத்தம் 101 கிலோபாஸ்கல். 27 பாகையில் நீராவியின் அழுத்தம் 3.6 கிலோபாஸ்கல். உலர்ந்த ஹைட்ரஜன் 0 பாகையில், 101 கிலோபாஸ்கலில் எவ்வளவு இடம் பிடிக்கும்? [4]

9. மாறாத அழுத்தத்தில் ஒரு வாயுவின் கன அளவு: 7 பாகையில் 56.0 மில்லிலிட்டர், 27இல் 60.0, 47இல் 64.0, 67இல் 68.0. வரைபடம் வரைந்து கோட்டைப் பின்னோக்கி நீட்டுங்கள். கன அளவு பூச்சியமாவது எந்த வெப்பநிலையில்? உண்மையான வாயு அந்தப் புள்ளியை எட்டுமா? [5]

விடைகளும் விளக்கமும்

1. (அ) இடம் குறைகிறது, அழுத்தம் கூடும். P₂ = 100 × 60 / 24 = 250 kPa. (ஆ) சட்டென்று அழுத்தினால் காற்று சூடேறும். அப்போது T மாறிவிடுவதால் பாய்ல் விதி பொருந்தாது, அந்த நொடியில் அழுத்தம் 250ஐத் தாண்டியிருக்கும். மெதுவாக அழுத்தினால் சூடு சிரிஞ்சின் சுவர் வழியே வெளியேற நேரம் கிடைக்கும்.

2. 1398, 1411.5, 1410.75. மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் உள்ள வேறுபாடு 1 விழுக்காட்டுக்குள். கையால் ஊற்றிய பாதரசம், கண்ணால் படித்த அளவு. அதை வைத்து இவ்வளவு நெருக்கம் கிடைத்தது வியக்கத்தக்க வேலை. நம் ஆய்வுக்கூட அறிக்கையில் 5 விழுக்காடு பிசகினால் உடனே கருவியைக் குறை சொல்லாதீர்கள்.

3. V₂ = 3.00 × 307 / 295 = 3.12 L.

4. T₂ = 301 × 120 / 101 = 358 K, அதாவது 85 பாகை. தண்ணீர் கொதிக்கும் முன்பே தெறிக்கும். 358 என்று எழுதி நிறுத்திவிட்டால் ஒரு புள்ளி போய்விடும். கேள்வி செல்சியஸில் வந்தால் விடையும் செல்சியஸில்.

5. (அ) அழுத்தம் குறைகிறது, வெப்பநிலை கூடுகிறது, இரண்டும் ஒரே பக்கம் இழுக்கின்றன. V₂ = 2.0 × (302 / 101) × (303 / 299) = 6.1 mL. (ஆ) குமிழ் மூன்று மடங்காகிறது. அந்த ஆழத்தில் நிரப்பிய நுரையீரலை மூடிக்கொண்டு ஏறினால் உள்ளிருக்கும் காற்றும் அப்படியே விரியப் பார்க்கும். நுரையீரலுக்கு அந்த இடம் கிடையாது, திசு கிழியும். உயிரே போகலாம். மூச்சை விட்டுக்கொண்டே ஏறினால் கூடுதல் காற்று வெளியேறிவிடும்.

6. இந்தத் தாளிலேயே அதிகம் யோசிக்க வேண்டிய கணக்கு இதுதான். டயர் மானி வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்பதை மட்டும் காட்டும். காற்று முழுவதும் போன டயரிலும் 101 கிலோபாஸ்கல் இருக்கிறது, மானி பூச்சியம் காட்டும். செல்சியஸைப் போலவே இதுவும் நகர்த்தி வைத்த பூச்சியம். ஆகவே முதலில் 101ஐக் கூட்ட வேண்டும், கடைசியில் கழிக்க வேண்டும்.
(அ) P₁ = 220 + 101 = 321 kPa
P₂ = 321 × 330 / 300 = 353 kPa
மானி: 353 − 101 = 252 கிலோபாஸ்கல். 101ஐக் கூட்டாமல் 220 × 330 / 300 = 242 என்று எழுதியவர்களுக்கு (அ) பகுதியில் முதல் வரிக்கான புள்ளி மட்டும்.
(ஆ) காற்றை இறக்கியதும் வாயுவின் அளவு மாறிவிட்டது. பழைய P₁ இனி உதவாது, இறக்கியபின் உள்ள நிலையிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும்: 321 kPa, 330 K.
P = 321 × 300 / 330 = 292 kPa
மானி 191 கிலோபாஸ்கல். காலையில் இருந்ததைவிட 29 குறைவு. டயர் அழுத்தத்தைக் குளிர்ந்த நிலையில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். வீட்டில் கார் வைத்திருக்கும் அப்பா, அண்ணனுக்கு இதைச் சொல்லுங்கள்.

7. (அ) தோங்கில் இருப்பதில் பெரும்பகுதி திரவம். சூடேறினால் திரவம் ஆவியாகி வாயுவின் அளவு கூடும், குளிர்ந்தால் குறையும். (ஆ) ஊதும் ஒவ்வொரு மூச்சிலும் புதிய மூலக்கூறுகள் உள்ளே போகின்றன.

8. சேகரித்ததில் நீராவியும் கலந்திருக்கிறது, அதைக் கழித்தால் ஹைட்ரஜனின் பங்கு 101 − 3.6 = 97.4 kPa. V₂ = 250 × (97.4 / 101) × (273 / 300) = 219 mL.

9. 20 பாகைக்கு 4.0 மில்லிலிட்டர், அதாவது பாகைக்கு 0.20. 27 பாகையில் உள்ள 60.0 மில்லிலிட்டர் முழுவதும் தீர 60.0 / 0.20 = 300 பாகை கீழே போக வேண்டும்: 27 − 300 = −273 பாகை. கெல்வின் அளவீடு தொடங்கும் இடம் இதுவே. வில்லியம் தாம்சன் தனிவெப்பநிலை அளவீட்டை முன்வைத்தது 1848இல். பின்னாளில் அவர் கெல்வின் பிரபு ஆனார். உண்மையான வாயு இந்தப் புள்ளியை எட்டாது. அதற்கு வெகு முன்பே மூலக்கூறுகளுக்கிடையே உள்ள ஈர்ப்பு மேலோங்கி வாயு திரவமாகிவிடும், அப்போது அந்தக் கோட்டையும் இந்த விதியையும் பயன்படுத்த முடியாது. நீட்டிய பகுதியைப் புள்ளிக்கோடாகவே வரையுங்கள். முழுக்கோடாக வரைந்தால் ஒரு புள்ளி குறையும்.