மக்கா, பிறந்தநாள் வாழ்த்துகள்!

நேற்று ராத்திரி 12 மணிக்கு ஃபோன் அடிக்கவில்லை என்று கோபப்படாதே. வேண்டுமென்றேதான் அடிக்கவில்லை. வேலை போன இந்த மூன்று வாரமாக நீ சரியாகத் தூங்குவதில்லை என்று உன் அம்மா சொன்னார்கள். தூங்குகிறவனை எழுப்பி வாழ்த்துச் சொல்ல மனசு வரவில்லை.

நம் பயல்களிடமும் சொல்லிவிட்டேன். குரூப்பில் கேக் படம், பட்டாசு, "டிரீட் எப்போ" எதுவும் வராது. இரண்டு பேர் தனியாக வாழ்த்து அனுப்புவார்கள். பதில் போட்டாலும் போடாவிட்டாலும் சரி.

சாயங்காலம் நாலு மணிக்கு பைக்கில் வருகிறேன். பக்கத்து வீட்டு அக்கா "லீவா மக்கா, எப்போ திரும்பப் போற?" என்று கேட்டு முடிப்பதற்குள் நாம் முக்கு தாண்டிவிடலாம். திருவட்டாறு வழியாக மாத்தூர் தொட்டிப்பாலம். ஏன் அங்கே என்று உனக்குத் தெரியும்.

2014-இல் எனக்கு நாலு அரியர் விழுந்த அன்று, உன் அப்பாவின் பழைய பைக்கில் என்னை அங்கேதான் கூட்டிப் போனாய். ஒரு புத்திமதி சொல்லவில்லை. படியிறங்கிக் கீழே போய், அண்ணாந்து பார்த்து, தூணை எண்ணச் சொன்னாய். நான் 27 என்றேன். "தப்பு, திரும்ப எண்ணு" என்றாய். 28 வருவதற்குள் எனக்கு அழுகை நின்றுவிட்டது. அப்புறம் டீயும் பழபஜ்ஜியும் வாங்கித் தந்தாய். அந்தக் காசை நான் இன்றுவரை தரவில்லை. அதனால் இன்றைய செலவு என்னுடையது, அதில் பேச்சே வேண்டாம்.

வேலையைப் பற்றி நானாகக் கேட்க மாட்டேன். உனக்குச் சொல்லத் தோன்றினால் சொல், எவ்வளவு நேரமானாலும் கேட்கிறேன். திட்ட வேண்டுமென்றால் பாலத்து மேலே நின்று பறளியாற்றைப் பார்த்துத் திட்டு. 115 அடிக்குக் கீழே யார் காதிலும் விழாது. ஒன்றும் பேசப் பிடிக்கவில்லையென்றால் சும்மா நடந்துவிட்டு வருவோம். பதினோரு வருடம் நீ எப்படி வேலை பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். ஆட்குறைப்பு என்று ஒரு மெயில் வந்ததால் அது மாறிவிடாது.

திரும்பும்போது எங்கள் வீடு. அம்மா மரச்சீனி அவித்து, சாளைக் குழம்பு வைக்கிறாள். கேக் கிடையாது, சிறுபயறுப் பாயாசம், பொடித்துப் போடப் பப்படம், கூட மட்டிப்பழம். "அவன் மெலிஞ்சு போயிட்டானாமே" என்று காலையிலேயே தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டாள். நீ வரவில்லையென்றால் அந்த உருளி முழுவதும் என் தலையில்தான் விழும். என் வயிறு தாங்காது.

மனசு சரியில்லை, வெளியே வர முடியவில்லை என்றால் ஒரு வார்த்தை அனுப்பு. பாயாசத்தைத் தூக்குவாளியில் ஊற்றி வாசலில் வைத்துவிட்டுப் போகிறேன், உள்ளே வரக்கூட மாட்டேன்.

மழை வரும்போல இருக்கிறது. என்னிடம் ஒரு ரெயின்கோட்தான் உண்டு, உன்னுடையதை எடுத்து வை.