சாவி முத்திரை

1363ஆம் ஆண்டு, லண்டன் சீப்சைடு வீதியிலிருந்த வெள்ளிப் பட்டறை ஒன்றில், பதினான்கு வயதுத் தாமஸை அவனுடைய தந்தை கொண்டுவந்து சேர்த்தார். ஒரே தோலில் இருமுறை எழுதிய ஒப்பந்தத்தை நெளிநெளியாக வெட்டி, ஒரு பாதியை ஆசான் பெட்டியில் வைத்துப் பூட்டினார். மறுபாதியைத் தந்தை எடுத்துச் சென்றார். ஏழாண்டுகளுக்குக் கூலி கிடையாது, திருமணம் கூடாது, சூதாடக் கூடாது. உணவும் உடையும் படுக்கையும் தொழிலும் ஆசானின் பொறுப்பு.

ஒவ்வோர் ஆசானும் தனக்கென ஒரு முத்திரை வைத்திருக்க வேண்டும் என்ற சட்டம் அந்த ஆண்டில்தான் வந்திருந்தது. இந்த ஆசானின் முத்திரை ஒரு சிறிய சாவி.

முதல் இரண்டாண்டுகள் துருத்தியிலும் துடைப்பத்திலும் கழிந்தன. பெருக்கிய தூசியையும் வீசக் கூடாது, எரித்து உருக்கினால் அதிலும் வெள்ளி கிடைக்கும் என்பதை அவன் அங்கேதான் அறிந்தான். மூன்றாம் ஆண்டில் சுத்தியல் கைக்கு வந்தது. அடிக்க அடிக்க வெள்ளித் தகடு இறுகும். இறுகியதை மேலும் அடித்தால் விளிம்பு வெடிக்கும். ஆகவே அதை நெருப்பிலிட்டுப் பதப்படுத்த வேண்டும். தகட்டில் மங்கிய சிவப்பு எழும் கணம் வெயிலில் தெரியாது என்பதால், உலை பட்டறையின் இருண்ட மூலையில் இருந்தது. அந்தச் சிவப்பைக் கண்டுகொள்ள அவனுக்கு ஓராண்டு பிடித்தது. அதற்குள் மூன்று தகடுகள் உருகிப்போயின.

ஐந்தாம் ஆண்டில் அவன் ஒரு கிண்ணம் செய்தான். அடிப்பாதம் உறுதியாக நிற்க வேண்டுமென்று அதை உருக்கி ஒட்டும் உலோகப் பற்றைத் தாராளமாக வைத்தான். பட்டறை பட்டறையாகச் சென்று சோதிக்கும் பொற்கொல்லர் சங்கக் காப்பாளர்கள் வந்து, கிண்ணத்தின் பல இடங்களில் சுரண்டியெடுத்துப் புடமிட்டார்கள். ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி இருந்தால்தான் சிறுத்தைத் தலை முத்திரை விழும். பற்றிலிருந்த செம்பு அந்த அளவைக் குறைத்துவிட்டது. கிண்ணத்தை அவன் கண்முன்னே உடைத்தார்கள்.

"இது யாருடைய வேலை?" என்று ஒருவர் கேட்டார்.

"என் சாவிதானே அதில் இருக்கிறது? என்னுடைய வேலைதான்" என்றார் ஆசான். அபராதத்தையும் அவரே கட்டினார். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அவனுக்கோ ரொட்டி இறங்கவில்லை.

அடுத்த இரண்டாண்டுகளில், மயிரிழைகூட நுழையாதபடி இணைப்புகளை அரத்தால் பொருத்திய பிறகே பற்று வைக்கப் பழகினான்.

ஒப்பந்தம் முடியும் வாரம் இன்னொரு கிண்ணம் முடிந்தது. ஆசான் அதைக் கையில் வாங்கிப் பார்க்காமலே, சாவி முத்திரையை அவனிடம் நீட்டினார்.

"நீயே அடி, தம்பி."

தாமஸ் முத்திரையை மேசைமீது வைத்தான். கிண்ணத்தைக் கவிழ்த்து, சன்னலருகே எடுத்துச் சென்று, அடிப்பாதத்தின் இணைப்பை விரல்நுனியால் ஒரு முழுச் சுற்றுத் தடவினான். பிறகு திரும்பி வந்து சுத்தியலை எடுத்தான்.