7-ஆம் கணக்கு: 750-ஆ, 1350-ஆ?

கண்ணு,

நீ அனுப்பிய மூன்று படங்களையும் நேற்று ராத்திரி பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் பென்சிலால் "புக்ல விடை தப்பு?" என்று எழுதி, அதை அழித்து, மறுபடி எழுதியிருக்கிறாய். பாதி சந்தேகம் சரிதான். விடைக்குறிப்பில் ஒரு கோளாறு இருக்கிறது. ஆனால் நீ நினைக்கிற இடத்தில் இல்லை.

முதலில் கணக்கை என் வாயால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பிஸ்டன் வைத்த உருளைக்குள் 0.24 மோல் ஈரணு வாயு. A-யில் அழுத்தம் 1.5 × 10⁵ Pa, பருமன் 4 லிட்டர். அழுத்தம் மாறாமல் 1050 J வெப்பம் கொடுத்ததும் 6 லிட்டராக விரிந்து B-க்குப் போகிறது. அப்புறம் பருமனை அப்படியே வைத்துக் குளிரவிட்டால் A-யின் வெப்பநிலைக்கே வந்து நிற்கிறது, அது C. கடைசியாக வெப்பநிலை மாறாமல் மெல்ல அமுக்கினால் மீண்டும் A. ஒவ்வொரு நிகழ்விலும் வெப்பம் Q, வேலை W, அக ஆற்றல் மாற்றம் ΔU என்ன, பயனுறு திறன் எவ்வளவு?

நீ எழுதியது:

```
A→B : W = PΔV = +300,  Q = +1050,  ΔU = Q + W = 1350
B→C : W = 0,           ΔU = −750,  Q = −750
C→A : W = −243,        ΔU = 0,     Q = +243
திறன் = 57 / 1293 = 4.4%
```

விடைக்குறிப்பில் முதல் வரியில் W = 300, ΔU = 750. இரண்டாவது வரி உன்னுடையதேதான். மூன்றாவதில் W = 243, Q = −243. திறன் 5.4%.

முதல் வரி எங்கே சறுக்கியது என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. PΔV இயற்பியல் நோட்டிலிருந்து வந்தது, Q + W வேதியியல் நோட்டிலிருந்து வந்தது. இயற்பியலில் W என்றால் வாயு செய்த வேலை. விரியும்போது அது நேர்க்குறி, வாயுவின் கையிலிருந்து போகிற சரக்கு, அதனால் ΔU = Q − W. வேதியியலில் w என்றால் வாயுவின் மீது செய்யப்பட்ட வேலை. அங்கே w = −PΔV என்று குறியைச் சூத்திரத்துக்குள்ளேயே போட்டுவிடுகிறார்கள், அதனால் ΔU = q + w. இரண்டு சூத்திரமும் சரி. ஆனால் ஒன்றின் W-வை எடுத்து இன்னொன்றின் கூட்டல் குறியோடு சேர்த்தால், வாயு செலவழித்த 300 J-ஐ அதற்கே வரவு வைத்த மாதிரி ஆகிவிடும். 1050-லிருந்து 300 போகவேண்டும். நீ 300 சேர்த்தாய். வித்தியாசம் 600, அதாவது W-யின் இரண்டு மடங்கு. விடைக்கும் உன் எண்ணுக்கும் இடைவெளி சரியாக 2W என்று வந்தால், பெருக்கலைத் திரும்பப் போட்டுப் பார்த்து நேரத்தை வீணாக்காதே. நேராகக் குறியைப் போய்ப் பார்.

ஏன் இப்படி இரண்டு மரபு என்று போன மாதமே கேட்டாய், நான் மழுப்பிவிட்டேன். 1850-ல் கிளாசியஸ் வெப்ப இயக்கவியலின் இந்த முதல் விதியை எழுதிய காலத்தில் எல்லார் கண்ணும் நீராவி எந்திரத்தின் மேல். எந்திரக்காரனுக்கு வேண்டியது வெப்பம் உள்ளே, வேலை வெளியே. வெளியே வருகிற வேலைதான் அவனுக்குக் கூலி, அதை நேர்க்குறியாக வைப்பது இயல்பு. வேதியியல்காரர்களுக்கு எந்திரம் முக்கியமில்லை, குடுவைக்குள் இருக்கிற பொருள்தான் முக்கியம். அதற்குள் எது வந்தாலும் நேர்க்குறி, எது போனாலும் எதிர்க்குறி. வெப்பத்துக்கும் வேலைக்கும் ஒரே சட்டம். என்னைக் கேட்டால் வேதியியல் வழக்கம்தான் மனதில் சுத்தமாக நிற்கும். ஆனால் பாலிடெக்னிக்கில் வருஷக்கணக்காக எந்திரங்களை வைத்துப் பாடம் நடத்தி என் கை Q − W-க்கே பழகிவிட்டது.

சரி, மூன்றாவது வரிக்கு வருவோம். நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அங்கே நீ பக்கத்திலேயே ஒரு டிக் போட்டு, "ரெண்டு குறியும் மாறியிருக்கு, convention வேற, ok" என்று எழுதியிருக்கிறாய். உன் W −243, புத்தகத்தின் W +243. உன் Q +243, புத்தகத்தின் Q −243. இரண்டும் தலைகீழ், ஆகவே மரபு வித்தியாசம், ஆகவே ஒரே விடை என்று முடிவு கட்டிவிட்டாய். அதோடு புத்தகத்தின் இரண்டு எண்ணையும் கூட்டினால் பூஜ்யம் வருகிறது, உன்னுடையதைக் கூட்டினாலும் பூஜ்யம். அந்தத் தைரியத்தில்தான் Q + W சரி, 750 தப்பு என்று முதல் வரிக்குத் திரும்பிப் போயிருக்கிறாய். இல்லையா?

மரபு மாறினால் W-யின் குறி மட்டும்தான் மாறும். Q மாறாது. ΔU மாறாது. உன் இரண்டு புத்தகத்திலும் வாயுவுக்குள் வந்த வெப்பம் நேர்க்குறி, வெளியே போனது எதிர்க்குறி. அக ஆற்றல் கூடினால் நேர்க்குறி. இதில் இரண்டு பாடத்துக்கும் சண்டையே கிடையாது. ஆகவே உன் Q-வும் புத்தகத்தின் Q-வும் எதிரெதிர்க் குறியில் நின்றால் அது மரபுப் பிரச்சினை இல்லை. இருவரில் ஒருவர் தப்பு.

யார் தப்பு என்று பார்க்கச் சூத்திரமே வேண்டாம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்திருப்பாய், சுடும். எங்கள் ஒர்க்‌ஷாப் கம்ப்ரசரின் உருளையைச் சுற்றி வரிவரியாகச் செதில்கள் இருக்கும், முதல் உருளைக்கும் இரண்டாவதற்கும் நடுவே காற்றைக் குளிர்விக்கவே தனியாக ஒரு குழாய்த்தொகுப்பு போகும். அமுக்கினால் காற்று சூடாகும், அந்தச் சூட்டை வெளியே துரத்தவே அத்தனை ஏற்பாடும். உன் கணக்கில் வாயு அமுக்கப்படுகிறது, ஆனாலும் வெப்பநிலை ஏறக் கூடாது. அப்படியானால் நாம் உள்ளே தள்ளிய 243 ஜூலும் வெப்பமாக வெளியே போயே ஆகவேண்டும். Q = −243. உன் விடைப்படி வேலையும் உள்ளே வருகிறது, வெப்பமும் உள்ளே வருகிறது, அக ஆற்றல் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. 486 ஜூல் எங்கே போனது? மறுபடி பார், அது 2 × 243.

இப்போது புத்தகத்தின் கோளாறு. முதல் வரியில் W = 300 என்பது வாயு செய்த வேலை. மூன்றாவது வரியில் W = 243 என்பது வாயுவின் மீது செய்த வேலை. ஒரே கணக்குக்குள் எந்த அறிவிப்பும் இல்லாமல் W-க்கு அர்த்தத்தை மாற்றிவிட்டார்கள். இயற்பியல் மரபில் ஆரம்பித்தவர்கள் அங்கே −243 என்று போட்டிருக்க வேண்டும், உன்னைப் போல. அந்த ஒரு எண்ணில் நீதான் சரி! ஆனால் அவர்கள் Q-வில் தடுமாறவில்லை, நீ தடுமாறிவிட்டாய். விடை எழுதியவர் "243 J வேலை வாயுவின் மீது" என்று இரண்டு வார்த்தை சேர்த்திருந்தால் உனக்கு ஒரு சாயங்காலம் மிச்சமாகியிருக்கும்.

திருத்திய கணக்கு, முழுக்க இயற்பியல் மரபில்:

```
A→B : Q = +1050,  W = +300,  ΔU = +750
B→C : Q = −750,   W = 0,     ΔU = −750
C→A : Q = −243,   W = −243,  ΔU = 0
மொத்தம்: Q = 57,  W = 57,    ΔU = 0
```

243 என்பது PV × ln(6/4), அதாவது 600 × 0.405. அதை நீ சரியாகவே போட்டிருக்கிறாய்.

கடைசி வரியைப் பார். சுற்றி வந்து A-யிலேயே நிற்கிறோம், அக ஆற்றல் நிலையை மட்டும் சார்ந்தது, ஆகவே மொத்த ΔU பூஜ்யம். உன் மூன்றையும் கூட்டு: 1350 − 750 + 0 = 600. இந்த ஒரு கூட்டலைப் போட்டிருந்தால் புத்தகத்தைச் சந்தேகப்படும் முன்னாலேயே மாட்டியிருப்பாய். அதைவிடக் குறுக்குவழியும் இருக்கிறது. A-க்கும் C-க்கும் ஒரே வெப்பநிலை. A-யிலிருந்து B-க்கு ஏறியதும் B-யிலிருந்து C-க்கு இறங்கியதும் சமமாக இருக்கவேண்டும். 1350 ஏறி 750 மட்டும் இறங்கினால் எப்படி?

இன்னொரு வழியிலும் சோதித்தேன், முதல் விதியையே தொடாமல். T = PV/nR போட்டால் A-யில் 301 K, B-யில் 451 K. ஈரணு வாயுவுக்கு nCv = 0.24 × 2.5 × 8.314, ஏறக்குறைய 4.99 J/K. 150 K ஏற்றத்துக்கு 750 J. இதில் W எங்குமே வரவில்லை, அதனால் எந்த மரபும் இதைக் குழப்ப முடியாது. உன் 1350-ஐ உண்மை என்று வைத்தால் B 571 K-க்குப் போயிருக்க வேண்டும். ஆனால் அங்கே PV வெறும் 900 J, அது 451-க்கு மேல் விடாது.

இரண்டாவது வரி சரியாக வந்ததற்குச் சந்தோஷப்படாதே. அங்கே W பூஜ்யம், பூஜ்யத்துக்கு எந்தக் குறி போட்டாலும் ஒன்றுதான்.

திறன் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம். 4.4-க்கும் 5.4-க்கும் நடுவே "rounding" என்று எழுதியிருக்கிறாய். 57-ஐ 1050-ஆல் வகுத்தால் 5.4. நீ 1293-ஆல் வகுத்திருக்கிறாய், ஏனென்றால் வெளியே போன 243-ஐ உள்ளே வந்த வெப்பத்தோடு சேர்த்துவிட்டாய். ஐந்தில் ஒன்று ரவுண்டிங்கில் காணாமல் போகாது, கண்ணு.

பரீட்சைக்கு என்ன செய்வது என்று அம்மாவிடம் கேட்டாயாம். சூத்திரத்தை எழுதும் முன் W-க்குப் பக்கத்தில் தமிழில் "வாயு செய்தது" என்றோ "வாயுவின் மீது" என்றோ எழுதிவிடு. பேப்பர் திருத்துகிறவர்களுக்கும் அது பிடிக்கும். எந்தப் பாடத்தின் பரீட்சையோ அந்தப் பாடத்தின் சூத்திரத்தையே போடு.

மூன்றாவது படத்தின் அடியில் 9-ஆம் கணக்கின் பாதி தெரிகிறது. அதிலும் "ΔU = Q + W" என்று ஆரம்பித்து, அடுத்த வரியில் W = nRΔT என்று போட்டிருக்கிறாய். அதை நான் பார்க்கமாட்டேன், நீயே பார். ஞாயிற்றுக்கிழமை வரும்போது பழைய சைக்கிள் பம்பை எடுத்து வருகிறேன், அது ஒழுகாமல் இருந்தால்.

சித்தப்பா