பொருள்: மண்டபம் வீட்டு வாடகை – 2026 ஆகஸ்ட் முதல் செய்ய விரும்பும் மாற்றம்

திங்கட்கிழமை, ஏப்ரல் 6, 2026

அன்புள்ள தம்பி அந்தோணிக்கு,

உங்களுக்கும் மேரிக்கும் பிள்ளைகளுக்கும் ஈஸ்டர் வாழ்த்துகள். வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மதுரையில் வெயில் இப்போதே தாங்கவில்லை. நான் நலம்.

வாடகை பற்றித்தான் எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்லிவிடலாம்தான். ஆனால் பணம் பற்றிய பேச்சு எழுத்தில் இருந்தால் நீங்களும் மேரியும் நிதானமாகப் படித்துக் கலந்து பேச வசதியாக இருக்கும். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இப்போது மாதம் 6,500 ரூபாய் தருகிறீர்கள். 2026 ஆகஸ்ட் 1 முதல் அதை 7,300 ரூபாயாகவும், 2027 ஆகஸ்ட் 1 முதல் 7,800 ரூபாயாகவும் உயர்த்த விரும்புகிறேன். அதன்பின் 2028 ஜூலை முடியும்வரை ஒரு ரூபாய்கூட உயர்த்த மாட்டேன். இது என் முன்மொழிவுதான். உங்கள் சம்மதம் இல்லாமல் நடைமுறைக்கு வராது.

2021ஆம் ஆண்டுக்குப் பிறகு வாடகையை நான் தொடவே இல்லை. உங்களைப் போல் வீட்டைப் பார்த்துக்கொள்பவர்கள் கிடைப்பது அரிது என்பதுதான் அதற்குக் காரணம். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது நம் தெருவிலும் தண்ணீர் ஏறியது. அன்றிரவு பீரோவுக்கும் கட்டிலுக்கும் அடியில் செங்கல் வைத்து உயர்த்தியதோடு நிற்காமல், மின்சார மெயினையும் அணைத்துவிட்டு, மோட்டார் அறைக்குள் தண்ணீர் புகாமல் மணல் மூட்டை அடுக்கினீர்கள். அதை நான் மறக்கவில்லை. அந்த மோட்டார் இன்றும் ஓடுகிறது என்றால் அது உங்களால்தான்.

இனி காரணங்கள். பெரிய காரணம் உப்பு. வடகடல் பக்கம் பார்த்த வீட்டில் ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்று அடிக்கும்போது என்ன நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் துடைத்த ஜன்னல் கம்பியில் மாலைக்குள் பிசுபிசுப்பு ஏறிவிடும். அந்த உப்பு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக உள்ளே இறங்கி இரும்புக் கம்பியை அரிக்கிறது. துருப்பிடித்த கம்பி பருத்து, தன்னைச் சுற்றியிருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. மேலே பூச்சு பூசி மறைத்தால் ஓராண்டில் அதே இடம் மறுபடியும் வெடிக்கும். சென்ற கோடையில் வடக்கு அறையின் கூரையைக் கொத்தனார் தட்டிப் பார்த்தபோது நீங்களும் பக்கத்தில் இருந்தீர்கள். பாதி இடத்தில் ஓசை பொள்ளலாகக் கேட்டதே! அதை முழுவதும் உடைத்தெடுத்து, கம்பியைத் தேய்த்துத் துரு நீக்கி, துத்தநாக ப்ரைமர் அடித்து, அரித்துப்போன இடங்களில் புதுக் கம்பி கட்டி, பாலிமர் கலந்த கலவையால் பூசினோம். சன்ஷேடுக்கும் அதே வேலை. மொத்தம் 1,64,000 ரூபாய் ஆனது. ரசீதுகளின் படங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். நீங்கள் கேட்காவிட்டாலும், எதற்காக வாடகை ஏறுகிறது என்பதைக் கண்ணால் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

மாதம் 800 ரூபாய் வீதம் ஓர் ஆண்டில் கூடுவது 9,600 ரூபாய். அந்தச் செலவை உங்களிடமிருந்து மீட்பது என் நோக்கமல்ல, இந்த உயர்வால் அது முடியவும் முடியாது. பழைய செலவு என் பொறுப்பு. இனி வரப்போகும் வேலைகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரு தொகையை ஒதுக்கி வைத்தால்தான் கடற்கரை வீடு நிற்கும். என் ஓய்வூதியத்திலிருந்து மட்டும் அதை எடுக்க முடியவில்லை.

சொத்து வரியும் ஏறியிருக்கிறது. 2022 ஏப்ரலில் மாநிலம் முழுவதும் நகர்ப்புற உள்ளாட்சிகளில் வரி உயர்த்தப்பட்டபோது, சென்னைக்கு வெளியே 601 முதல் 1,200 சதுர அடி வரையிலான குடியிருப்புகளுக்கு 50 சதவீதம் கூடியது. நம் வீடு அந்த வரிசையில்தான் வருகிறது. அரையாண்டுக்கு 2,140 ரூபாயாக இருந்தது 3,210 ரூபாயானது. அந்த வேறுபாட்டை இதுவரை நானே ஏற்றுவந்தேன்.

தெருவில் மற்றவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்பதையும் விசாரித்தேன். இதே அளவுள்ள வீடு ஒன்று சென்ற மாதம் 9,000 ரூபாய்க்குப் போயிருக்கிறது. சென்ற ஆண்டு ஏப்ரலில் பாம்பனில் புதிய ரயில் பாலம் திறந்து, ராமேஸ்வரத்துக்கு மறுபடியும் ரயில் போகத் தொடங்கியதிலிருந்து, யாத்ரீகர்களுக்கு நாள் வாடகைக்கு விடும் வீடுகளைத் தரகர்கள் தேடி அலைகிறார்கள். என்னிடமும் ஒருவர் வந்தார். முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உங்களுக்கு அழுத்தம் தருவதற்காக இதை எழுதவில்லை. இந்தப் பேச்சு வேறு யார் வழியாகவோ உங்கள் காதுக்கு வந்து நீங்கள் கவலைப்படக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். அந்த வீட்டில் ஒரு குடும்பம் வாழ வேண்டும் என்பதுதான் என் விருப்பம். அது உங்கள் குடும்பமாகவே இருக்க வேண்டும் என்பதும்தான்.

ஆகஸ்ட் மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது ஐஸ் கம்பெனியில் உங்களுக்கும் வேலை குறைந்து சம்பளம் பாதியாகிவிடும். அந்த நேரத்தில் வாடகையை உயர்த்துவது நியாயமல்ல. தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போய், ஒன்றரை மாதம் ஓடிய பிறகே புதிய வாடகை தொடங்கும். இன்றிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய நான்கு மாத அவகாசம். ஜூன், ஜூலை மாதங்களுக்கும் 6,500 ரூபாய்தான்.

அதற்குள் நான் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வடக்குப் பக்கத்து இரண்டு ஜன்னல்களின் இரும்புச் சட்டங்கள் இற்றுவிட்டன. மழை சாய்வாக அடித்தால் தண்ணீர் உள்ளே வருகிறது என்று மேரி சொன்னார். அவற்றை எடுத்துவிட்டு யுபிவிசி ஜன்னல்கள் வைக்க ஆசாரியிடம் பேசியிருக்கிறேன். ஜூலை 20ஆம் தேதிக்குள் வேலை முடியும். ஏதாவது காரணத்தால் தள்ளிப்போனால் வாடகை உயர்வும் அத்தனை மாதம் தள்ளிப்போகும். வேலை முடிந்த பிறகுதான் புதிய வாடகை. இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.

ஒப்பந்தம் என்றதும் இன்னொன்று. 2017இல் நாம் முத்திரைத்தாளில் எழுதிய பதினோரு மாத ஒப்பந்தம் எப்போதோ முடிந்துவிட்டது. அதன்பிறகு வாய்வார்த்தையில்தான் ஓடுகிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். tenancy.tn.gov.in தளத்தில் அதற்கு விண்ணப்பிக்கலாம். 2028 ஜூலை வரை இரண்டு ஆண்டுகளுக்குப் புதிய ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்வோம். முத்திரைத்தாள், பதிவுச் செலவு முழுவதும் என்னுடையது. உங்கள் மூத்த மகள் அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதப்போகிறாள். அந்த நேரத்தில் வீடு மாற வேண்டியிருக்குமோ என்ற நினைப்பே அவளுக்கு வரக் கூடாது. ஒப்பந்தக் காலத்தில் நான் வீட்டைக் காலி செய்யச் சொல்ல மாட்டேன் என்பதும் அதில் இருக்கும். நீங்கள் போக நேர்ந்தால் இரண்டு மாதம் முன்பு சொன்னால் போதும்.

முன்பணக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கொடுத்த 30,000 ரூபாய் என்னிடம் இருக்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்பதே இப்போதைய சட்டத்தின் வரம்பு. 7,300 ரூபாய்க்கு மூன்று மாதம் என்றால் 21,900. மீதி 8,100 ரூபாயை மே மாதம் முதல் வாரத்தில் உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுகிறேன். நீங்கள் இந்த முன்மொழிவுக்குச் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் அந்தப் பணம் வரும். தடைக்கால நடுவில் அது உதவியாக இருக்கும். இரண்டாம் ஆண்டு வாடகை 7,800 ஆகும்போது முன்பணத்தைக் கூட்டிக் கேட்க மாட்டேன்.

மின்கட்டணம், குடிநீர்ச் செலவு எல்லாம் இப்போது போலவே. அதில் மாற்றமில்லை.

நீங்களும் மேரியும் உங்கள் வரவு செலவைப் பார்த்து மே 15ஆம் தேதிக்குள் பதில் எழுதுங்கள். 7,300 ரூபாய் உடனே முடியாது என்றால் தயங்காமல் சொல்லுங்கள். தொடக்கத்தை அக்டோபருக்குத் தள்ளலாம், அல்லது முதல் படியைக் குறைத்து இரண்டாம் படியைக் கூட்டலாம். வீட்டில் வேறு எந்த வேலை அவசரம் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அதையும் எழுதுங்கள். அங்கே குடியிருப்பவர் நீங்கள், எனக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். மே மாத இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மண்டபம் வருகிறேன். நேரில் பேசுவதாக இருந்தால் அன்று மாலை வீட்டில் இருங்கள். ஜன்னல் அளவெடுக்க ஆசாரியும் வருவார்.

அன்புடன்,
ராஜேஸ்வரி
மதுரை

இணைப்பு: 2025 கூரை, சன்ஷேடு வேலை ரசீதுகள்; சொத்து வரி ரசீதுகள்; புதிய ஒப்பந்தத்தின் வரைவு