என் புகார்க் கோப்பின் நகல்களையும் முடிவு குறித்த பதிவுகளையும் கோரும் கடிதம்

அனுப்புநர்:
ச. மலர்விழி,
தர ஆய்வாளர், இரண்டாம் பிரிவு,
ஸ்ரீபெரும்புதூர் ஆலை.

பெறுநர்:
பொது மேலாளர் (மனிதவளம்) அவர்கள்,
ஸ்ரீபெரும்புதூர் ஆலை.

நாள்: 14.10.2024

பொருள்: 10.06.2024 அன்று உள்ளகப் புகார் குழுவிடம் நான் அளித்த புகார் – கோப்பின் நகல்களும், விசாரணை அறிக்கையும், நிர்வாகத்தின் முடிவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் முன்பு பணியாற்றிய பிரிவின் இரவுப் பணி மேற்பார்வையாளர் மீது, பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் (தடுப்பு, தடை மற்றும் தீர்வு) சட்டம், 2013-இன் கீழ் நான் அளித்த புகாரின் விசாரணை முடிந்துவிட்டதாகவும், குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்றும் 16.09.2024 அன்று தங்கள் அலுவலகத்தில் என்னிடம் வாய்மொழியாகத் தெரிவித்தார்கள். எழுத்தில் எதுவும் தரப்படவில்லை. அதே வாரத்தில் நான் இரண்டாம் பிரிவுக்கு மாற்றப்பட்டேன். அதற்கும் உத்தரவு ஏதும் என் கைக்கு வரவில்லை.

மேற்கண்ட சட்டத்தின் 13(1)-ஆம் பிரிவின்படி, விசாரணை முடிந்த 10 நாட்களுக்குள் குழு தன் அறிக்கையை நிர்வாகத்திடம் அளிக்க வேண்டும். அந்த அறிக்கை சம்பந்தப்பட்ட இரு தரப்பினருக்கும் கிடைக்கச் செய்யப்பட வேண்டும். இரு தரப்பினரும் ஊழியர்களாக இருக்கும்போது, குழுவின் கண்டறிதல்களுக்கு எதிராக அவர்கள் முறையிட ஏதுவாக அவற்றின் நகலைத் தர வேண்டும் என்று 11(1)-ஆம் பிரிவும் கூறுகிறது. அந்த வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. 18-ஆம் பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்ய, பரிந்துரையிலிருந்து 90 நாட்களே உள்ளன. பரிந்துரை எந்த நாளில் கையெழுத்தானது என்பதே எனக்குத் தெரியாத நிலையில், அந்தக் கெடு எப்போது தொடங்கியது, எப்போது முடிகிறது என்பதை நான் எப்படிக் கணக்கிடுவது? இக்கடிதத்தை நான் அவசரமாக எழுதுவதற்கு இதுவே காரணம்.

ஆகவே, குழுவின் இறுதி அறிக்கை, அதன் பரிந்துரை, அதன் மீது நிர்வாகம் எடுத்த முடிவு, அது எடுக்கப்பட்ட நாள், எடுத்தவரின் பதவி ஆகியவற்றைக் காட்டும் ஆவணங்களை முதலில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இவற்றுடன், முத்திரையிட்டுப் பெறப்பட்ட என் புகார் மனு, எதிர்மனுதாரர் அளித்த பதில், என்னுடைய வாக்குமூலம், சாட்சிகளின் வாக்குமூலங்கள், ஒவ்வொரு அமர்வின் நடவடிக்கைக் குறிப்பு, அதில் கலந்துகொண்ட உறுப்பினர்களின் கையொப்பப் பட்டியல், என் பணியிட மாற்றம் தொடர்பான குறிப்புகள் ஆகியவற்றின் நகல்களும் தேவை. வாக்குமூலங்களையும் நடவடிக்கைக் குறிப்புகளையும் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை என்பதை அறிவேன். ஆனால் விசாரணை இயற்கை நீதிக் கோட்பாடுகளின்படி நடைபெற வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. எதை வைத்து என் புகார் ஏற்கப்படவில்லை என்பதைப் பார்க்காமல் அதற்கு எதிராக நான் எதையும் சொல்ல இயலாது.

இரண்டாம் அமர்வின் கையெழுத்துக் குறிப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியுள்ளது. என்னிடம் கையொப்பம் பெறப்பட்ட பக்கத்தின் கீழ்ப்பகுதியில், நான் சாட்சியாகக் குறிப்பிட்ட சக ஊழியரின் பெயர் நீல மையால் அடிக்கப்பட்டு, அதன் மேல் கறுப்பு மையால் வேறொரு பெயர் எழுதப்பட்டிருந்தது. திருத்தத்தின் அருகில் யாருடைய சுருக்கொப்பமும் இல்லை. நான் அன்றே வாய்மொழியாகச் சுட்டிக்காட்டினேன். பிறகு சரிசெய்வதாகச் சொன்னார்கள். அந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்து தராமல், அடித்தல் திருத்தல்களோடு உள்ளபடியே வண்ண நகலாகத் தர வேண்டுகிறேன். மூன்றாம் வாயில் அருகிலுள்ள கண்காணிப்புக் கேமராப் பதிவைக் குழு கேட்டுப் பெற்றதா என்பதையும், அப்பதிவு இப்போது உள்ளதா என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள். இருந்தால், மேல்முறையீடு முடியும்வரை அதை அழிக்காமல் பாதுகாக்கக் கோருகிறேன்.

16-ஆம் பிரிவின் இரகசியக் காப்பைக் காரணமாகச் சொல்லக்கூடும். அப்பிரிவு பொதுமக்களுக்கும் பத்திரிகை, ஊடகங்களுக்கும் விவரங்கள் செல்வதைத்தான் தடுக்கிறது. புகார் அளித்தவரிடமிருந்தே அவரது அறிக்கையை மறைப்பதற்காக ஏற்பட்டதன்று. சாட்சிகளின் வீட்டு முகவரி, கைபேசி எண் போன்றவற்றை மறைத்துத் தருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இந்நகல்களை மேல்முறையீட்டுக்கும் சட்ட ஆலோசனைக்கும் தவிர வேறெதற்கும் பயன்படுத்த மாட்டேன். ஏதேனும் ஓர் ஆவணத்தைத் தர இயலாதெனில் எந்தக் காரணத்தால் என்பதையும், அப்படி ஓர் ஆவணமே இல்லையெனில் இல்லை என்பதையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

நகல்களை 25.10.2024-க்குள், ஒவ்வொரு பக்கத்திலும் அலுவலக முத்திரையிட்டுத் தாருங்கள். நகலெடுக்கும் செலவை நானே ஏற்கிறேன். உறையைப் பிரிவு மேற்பார்வையாளர் வழியாக அனுப்ப வேண்டாம். முன்பு அமர்வுக்கான அழைப்புக் கடிதம் அப்படித்தான் பிரிக்கப்பட்ட நிலையில் என் மேசைக்கு வந்தது. தங்கள் அலுவலகத்தில் நேரில் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்கிறேன், அல்லது பணிப் பதிவேட்டிலுள்ள என் வீட்டு முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். குறித்த நாளுக்குள் கிடைக்காவிட்டால், இக்கடிதத்தின் நகலுடன் மாவட்ட அலுவலரிடம் முறையிடுவேன்.

இக்கடிதத்தின் இரண்டாம் படியில் பெற்றுக்கொண்ட நாளைக் குறித்துக் கையொப்பமிட்டுத் தருமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ச. மலர்விழி

நகல்: தலைவர், உள்ளகப் புகார் குழு, ஸ்ரீபெரும்புதூர் ஆலை.